பாஸ்புக்கில் ஒரு வரி

அம்பத்தூர் ஓ.டி. பக்கம் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து, முப்பது வருடத்துக்கு மேல் சின்னப் பட்டறைகளுக்கும் கடைகளுக்கும் கணக்கு எழுதிப் பிழைத்தவன் நான். இப்போது கண் மங்கிவிட்டது, பேச்சு மட்டும் மிச்சம். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் என்னிடம் கேட்கும் கேள்விகளில் ஒன்று திரும்பத் திரும்ப வரும். "ஐயா, சீட்டு எடுத்த பணம் பேங்க்கில் விழுந்திருக்கு. அதை விளக்கமில்லாத வரவுன்னு இன்கம்டாக்ஸில் கேட்கிறாங்க. என்ன எழுதறது?"

அம்பத்தூர் எஸ்டேட், ஆவடி, பூந்தமல்லி என்று இந்தப் பக்கம் முழுக்க சீட்டில்தான் லேத் வாங்குகிறார்கள், பெண்ணுக்கு நகை சேர்க்கிறார்கள். அதனால் இந்தக் கேள்வி உங்கள் மேசைக்கும் வரும். எஸ்டேட்டில் லேத் பட்டறை வைத்திருந்த ஒருவருடைய விவகாரத்தை, அடையாளத்தை எடுத்துவிட்டு, தொகைகளைக் கொஞ்சம் மாற்றி, முதலிலிருந்து கடைசி வரை சொல்கிறேன். சொல்ல வேண்டியதெல்லாம் அதிலேயே இருக்கிறது.

1. முதலில் கடிதத்தைப் படியுங்கள், பிறகு கலங்குங்கள்.

வந்தது உண்மையான கடிதம்தானா என்று முதலில் பார்க்க வேண்டும். 2019 அக்டோபர் முதல் வருமான வரித் துறையின் ஒவ்வொரு கடிதத்திலும் ஆவண அடையாள எண் ஒன்று இருக்க வேண்டும். வரித்துறை இணையதளத்தின் முகப்பில் Authenticate Notice/Order Issued by ITD என்ற இடத்தில் அந்த எண்ணைப் போட்டால், அது துறை அனுப்பியதா இல்லையா என்று தெரிந்துவிடும்.

அடுத்து எந்தப் பிரிவு என்று பாருங்கள். 1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் 133(6) என்றால் தகவல் கேட்கிறார்கள். 142(1) என்றால் மதிப்பீடு நடந்துகொண்டிருக்கிறது, அதற்கு விவரம் வேண்டும். 148ஏ என்றால் பழைய ஆண்டைத் திறக்கலாமா என்று காரணம் கேட்கிறார்கள். 2026 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த புதிய வருமான வரிச் சட்டத்தில் எண்கள் மாறுகின்றன. ஆனால் முந்தைய ஆண்டுகளின் வரவுகளுக்குப் பழைய சட்டம்தான் பேசும்.

பட்டறைக்காரருக்கு வந்தது 142(1). இங்கே ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். சீட்டுப் பணம் விழுந்ததற்காக அவரைத் தேடி யாரும் வரவில்லை. வேறு காரணத்துக்காக அவருடைய கணக்கைத் திறந்தார்கள். வங்கியில் வந்த மொத்த வரவையும் அவர் காட்டிய விற்பனையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். இடித்த வரவுகளில் ஒன்று 3,54,500 ரூபாய். "இதன் தன்மையும் மூலமும் என்ன?" என்பதுதான் கேள்வி.

பதில் போடாமல் விட்டால் அந்தத் தொகை 69ஏ பிரிவில் விளக்கமில்லாத பணம் என்று வருமானத்தில் சேரலாம். அதற்கு 115பிபிஇ பிரிவின்படி 60 சதவீத வரி, அந்த வரியின் மேல் 25 சதவீத கூடுதல் வரி, இரண்டும் சேர்ந்ததன் மேல் 4 சதவீத செஸ். எல்லாம் சேர்ந்தால் நூற்றுக்கு 78. நம்மவருக்கு 2,76,510 ரூபாய் ஆகும், அபராதம் தனி. கெடு போதவில்லை என்றால் e-Proceedings பகுதியிலேயே அவகாசம் கேளுங்கள். கேட்காமல் சும்மா இருப்பதுதான் தவறு.

2. வங்கி வரியை எழுத்தெழுத்தாகப் படியுங்கள்.

பாஸ்புக்கில் அந்த வரி எப்படி இருந்தது தெரியுமா? நெஃப்ட் என்ற குறிப்பு, ஒரு நீண்ட எண், சீட்டுக் கம்பெனிப் பெயரின் முதல் சில எழுத்துகள், அவ்வளவுதான். அச்சிடும்போது பெயர் பாதியில் வெட்டுப்பட்டிருந்தது. அதை செல்போனில் படம் பிடித்து இணைத்தால் படிப்பவருக்கு ஒன்றும் விளங்காது. கிளைக்குப் போய், அந்த மாதத்துக்கு முழு விவரத்தோடும் முத்திரையோடும் ஸ்டேட்மென்ட் வாங்குங்கள். அனுப்பியவர் பெயர், பரிமாற்ற எண், தேதி மூன்றும் முழுசாகத் தெரிய வேண்டும்.

அப்போதே இன்னொன்றையும் பாருங்கள். சீட்டு யார் பெயரில்? பணம் யார் கணக்கில்? இந்தப் பக்கம் மனைவி பெயரில் சீட்டு, கணவர் கணக்கில் பணம் என்பது சர்வசாதாரணம். அப்படியிருந்தால் பதிலின் முதல் பத்தியிலேயே சொல்லிவிட வேண்டும். அவர்களாகக் கண்டுபிடித்த பிறகு சொன்னால் அதுவே சந்தேகத்துக்கு விதையாகிவிடும்.

சட்டம் படித்த பிள்ளைகள் ஒரு வாதத்தைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். வங்கி பாஸ்புக் வரி கட்டுபவர் எழுதும் கணக்குப் புத்தகம் அல்ல, ஆகவே அதிலுள்ள வரவை 68ஆம் பிரிவில் சேர்க்க முடியாது என்று. பாய்சந்த் காந்தி வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றம் அப்படிச் சொன்னது உண்மைதான். ஆனால் 69ஏ பிரிவுக்குக் கணக்குப் புத்தகம் தேவையில்லை. பணம் உங்களுடையது, மூலம் சொல்லவில்லை என்றாலே அது வந்து நிற்கும். ஆகவே அந்த வாதத்தைக் கடைசிப் பத்தியில் வையுங்கள். பதில் நிற்க வேண்டியது சீட்டுக் காகிதங்களின் மேல்.

3. குழுவின் காகிதங்களை வரிசையாகக் கேட்டு வாங்குங்கள்.

"சீட்டுக் கம்பெனியிடமிருந்து ஒரு லெட்டர் வாங்கிட்டு வாங்க" என்று வாடிக்கையாளரை அனுப்பினால், இவர் எங்கள் உறுப்பினர், சீட்டு எடுத்தார் என்று இரண்டு வரி எழுதித் தருவார்கள். அது போதாது. 1982ஆம் ஆண்டு சீட்டு நிதிச் சட்டம் நமக்காகவே பல காகிதங்களைப் பிறப்பித்து வைத்திருக்கிறது. அவற்றைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

ஒன்று, சீட்டு ஒப்பந்தம். குழு எண், உறுப்பினர் எத்தனை பேர், மாதத் தவணை எவ்வளவு, எத்தனை மாதம், நடத்துபவரின் கமிஷன் எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்கும். பதிவுத்துறையின் சீட்டுப் பதிவாளரிடம் பதிவானதற்கும், குழு தொடங்க அனுமதி கிடைத்ததற்கும் சான்று கூட இருக்கும். இரண்டு, உறுப்பினரின் சீட்டு பாஸ்புக். இது வங்கிப் புத்தகம் அல்ல, மாதாமாதம் கட்டியதும் கழிவும் குறித்த சின்னப் புத்தகம். மூன்று, ஏலம் நடந்த அன்று எழுதிய நடவடிக்கைக் குறிப்பு. நான்கு, பணம் கொடுத்ததற்கான வவுச்சர். ஐந்து, ஜாமீன் காகிதங்கள்.

இவற்றில் கனமானது ஏலக் குறிப்புதான். ஏலம் தொடங்கிய நேரம், முடிந்த நேரம், இடம், எத்தனையாவது தவணை, வந்திருந்தவர்கள் பெயர், யார் எடுத்தார், எவ்வளவு தள்ளி எடுத்தார் என்று அதில் எழுதியாக வேண்டும். நடத்துபவரும், எடுத்தவர் வந்திருந்தால் அவரும், குறைந்தது வேறு இரண்டு உறுப்பினர்களும் கையெழுத்துப் போட வேண்டும். அதன் உண்மை நகலை 21 நாளுக்குள் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். அதாவது வரித்துறையின் கேள்வி பிறப்பதற்குப் பல வருடம் முன்பே, மூன்றாம் ஆள் ஒருவரின் அலுவலகத்தில் போய் உட்கார்ந்துவிட்ட காகிதம் அது. கம்பெனி மூடிவிட்டாலும், காகிதம் தர இழுத்தடித்தாலும், பதிவாளர் அலுவலகத்தில் மனுப்போட்டுக் கேட்க வழி இருக்கிறது.

ஜாமீன் காகிதத்தை அலட்சியப்படுத்தாதீர்கள். நம்மவருக்கு ஆவடி டாங்கி தொழிற்சாலையில் வேலை பார்த்த உறவினர் ஒருவர் ஜாமீன் போட்டிருந்தார். அவருடைய சம்பளச் சான்றும் நம்மவர் எழுதிக்கொடுத்த பிராமிசரி நோட்டும் கம்பெனிக் கோப்பில் இருந்தன. இனாமாக வந்த பணத்துக்கு எவன் ஜாமீன் கொடுப்பான்? இன்னும் கட்ட வேண்டியது பாக்கி இருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

4. குறிப்பில் ஒரு தொகை, வங்கியில் ஒரு தொகை. நடுவில் உள்ளதை நீங்களே கழித்துக் காட்டுங்கள்.

இது நான் செய்த தவறு, அதனால் விரிவாகச் சொல்கிறேன். என் முதல் பதிலில் ஏலக் குறிப்பைப் பார்த்து, "சீட்டு எடுத்த தொகை 3,75,000" என்று எழுதி அனுப்பிவிட்டேன். அதிகாரி ஒரே வரியில் திருப்பிக் கேட்டார்: 3,75,000 என்ற வரவே கணக்கில் இல்லையே, நான் கேட்டது 3,54,500 அல்லவா? எனக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது. உண்மையான கணக்கு எனக்குத் தெரியும், எழுதத்தான் இல்லை.

கணக்கு இதுதான். குழுவில் 25 பேர், ஆளுக்கு மாதம் 20,000. மொத்தச் சீட்டு 5,00,000. பதினோராவது மாத ஏலத்தில் நம்மவர் 1,25,000 தள்ளி எடுத்தார். மிச்சம் 3,75,000. தள்ளிய 1,25,000இல் நடத்துபவரின் கமிஷன் 5 சதவீதம், அதாவது 25,000. மீதி 1,00,000ஐ 25 பேருக்கும் பிரித்தால் ஆளுக்கு 4,000 கழிவு. இதைத்தான் சிலர் கசர் என்றும், கம்பெனிகள் டிவிடெண்ட் என்றும் சொல்வார்கள். அந்தக் கழிவு போக அந்த மாதத் தவணை 16,000.

இனி வங்கிக்கு வருவோம். கமிஷனுக்கு ஜிஎஸ்டி உண்டு. 2022 ஜூலை 18 முதல் அது 18 சதவீதம். 25,000க்கு 4,500. இதை எடுத்தவர் தலையில் கழித்தார்கள். அந்த மாதத் தவணை 16,000ஐயும் கையில் வாங்காமல் அதிலேயே பிடித்துக்கொண்டார்கள். 3,75,000இல் 4,500ம் 16,000ம் போனால் 3,54,500. வவுச்சரில் இந்த இரண்டு கழிவும் தெளிவாகவே இருந்தன. அந்த ஐந்து வரிக் கணக்கை முதல் பதிலிலேயே எழுதியிருந்தால் இரண்டாம் கேள்வி வந்திருக்காது.

கமிஷன் விகிதத்தை மனப்பாடமாக எழுதாதீர்கள். 2019ஆம் ஆண்டுத் திருத்தம் அதன் உச்சவரம்பை 5இலிருந்து 7 சதவீதமாக உயர்த்தியது. அதே திருத்தம் பெயர்களையும் மாற்றியது. கழிவின் பங்கு, நிகரச் சீட்டுத் தொகை என்ற பொருளில் புதுச் சொற்கள் புதிய குழுக்களின் காகிதங்களில் இருக்கும், பழைய குழுவில் டிவிடெண்ட், பரிசுத் தொகை என்றே இருக்கும். இரண்டும் ஒன்றுதான் என்று பதிலில் ஒரு வரி விளக்கிவிடுங்கள். "பரிசு" என்ற சொல்லைப் பார்த்து லாட்டரி என்று எண்ணியவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

தேதியும் இப்படித்தான். ஏலம் ஒரு மாதம், ஜாமீன் சரிபார்த்துப் பணம் வருவது அடுத்த மாதம். மார்ச்சில் ஏலம் எடுத்து ஏப்ரலில் பணம் வந்தால் நிதியாண்டே மாறிவிடும். இடைவெளி எதனால் என்பதை ஜாமீன் காகிதத்தின் தேதி சொல்லும். அதை எடுத்துக் காட்டுங்கள்.

5. எடுத்ததை மட்டும் காட்டாதீர்கள். முன்னால் கட்டியதையும் பின்னால் கட்டியதையும் காட்டுங்கள்.

சீட்டு எடுத்த பணம் பாதி உங்கள் சேமிப்பு, மீதி நீங்கள் திருப்பிக் கட்டப்போகும் முன்பணம். எடுத்த நாளை மட்டும் பார்த்தால் வானத்திலிருந்து விழுந்ததுபோல் இருக்கும். இருபத்தைந்து மாதத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் அதன் முகம் தெரியும்.

ஆகவே ஒரு பட்டியல் போடுங்கள். மாதம், கட்ட வேண்டிய 20,000, கழிவு, கட்டியது, எப்படிக் கட்டினார், எந்தப் பக்கத்தில் ஆதாரம் என்று ஆறு கட்டம் போதும். நம்மவர் முதல் மாதம் முழு 20,000 கட்டினார். அடுத்த நான்கு மாதம் 15,000, பிறகு மூன்று மாதம் 15,400, பிறகு இரண்டு மாதம் 15,800. பதினோராவது மாதம் பிடித்துக்கொண்ட 16,000ஐயும் சேர்த்தால், எடுப்பதற்குள் அவர் போட்டது 1,73,800. எடுத்த பிறகு பதினான்கு மாதம் விடாமல் கட்டியது 2,48,800. ஆக மொத்தம் 4,22,600.

பின்னால் கட்டிய அந்தப் பதினான்கு வரிகள்தான் பதிலின் முதுகெலும்பு. முன்னால் கட்டியதை ஜோடித்திருக்கலாம் என்று யாராவது நினைக்க முடியும். பணத்தை வாங்கிய பிறகு அதே கம்பெனிக்கு, அதே தேதியை ஒட்டி, ஒவ்வொரு மாதமும் வங்கி வழியாகக் கட்டியதை யாரால் மறுக்க முடியும்?

சங்கடம் முன்பகுதியில்தான். முதல் ஆறு மாதம் வசூல்காரர் பட்டறைக்கே வந்து ரொக்கமாக வாங்கிப் போனார். மொத்தம் 95,400. அது வங்கிப் புத்தகத்தில் இல்லை, சீட்டு பாஸ்புக்கிலும் ரசீதிலும் மட்டும் இருக்கிறது. அதிகாரி அடுத்துக் கேட்கப்போவது, "இந்த ரொக்கம் எங்கிருந்து?" என்றுதான். கேட்பதற்கு முன்பே, அந்தந்த மாதம் வங்கியில் எடுத்த ரொக்கத்தையும் பட்டறையின் ரொக்க விற்பனையையும் பக்கத்தில் எழுதிவிட்டேன். ஒரு மாதத்துக்கு ரசீது கிடைக்கவில்லை. கம்பெனிப் பேரேட்டின் நகலை வைத்து, ரசீது தொலைந்துவிட்டது என்று நேராகவே எழுதினேன். இல்லாத ரசீதை உண்டாக்காதீர்கள். ஒரு போலிக் காகிதம் இருபத்து நான்கு நல்ல காகிதங்களைக் கெடுத்துவிடும்.

6. மூலம் வேறு, வருமானம் வேறு. இரண்டையும் குழப்பாதீர்கள்.

வாடிக்கையாளர் கேட்பார்: "சரி, சீட்டுப் பணம்தான்னு ஒத்துக்கிட்டாங்க. அதுக்கு வரி உண்டா?" நம்மவருக்குக் கணக்கு எளிது. கட்டியது 4,22,600. வந்தது, ஜிஎஸ்டி போக, 3,70,500. நேரத்தோடு பணம் கிடைத்ததற்கு அவர் கொடுத்த விலை 52,100. இதில் வருமானம் எங்கே?

கடைசி மாதம் வரை காத்திருந்தவர் கதை வேறு. அவர் கட்டியதும் அதே 4,22,600 என்று வைத்துக்கொள்வோம். கமிஷனும் ஜிஎஸ்டியும் போக அவருக்கு 4,70,500 வந்திருக்கும். 47,900 அதிகம். ஒருவருக்கொருவர் போட்டு எடுத்துக்கொள்ளும் பணத்தில் லாபம் என்பதே இல்லை என்ற வாதத்தை ஆந்திர உயர் நீதிமன்றம் கோவூர் டெக்ஸ்டைல்ஸ் வழக்கில் ஏற்றது. அதே தர்க்கத்தால், தள்ளி எடுத்தவர் அதை நஷ்டம் என்று கழிக்கவும் முடியாது என்றது. ஆகவே நம்மவரின் 52,100ஐயும் செலவாகக் கேட்டுவிடாதீர்கள். சீட்டுப் போடுவதையே முதலீடாக நடத்திய சென்னைக் கம்பெனிகளின் விஷயம், பிலஹரி இன்வெஸ்ட்மென்ட்ஸ் வழக்காக உச்ச நீதிமன்றம் வரை போனது. அவர்கள் அதை வருமானமாகவே காட்டினார்கள். சண்டை எந்த ஆண்டில் காட்டுவது என்பதில்தான். சீட்டு முடிந்த பிறகு காட்டும் முறையை 2008இல் நீதிமன்றம் ஏற்றது. எனவே உங்கள் ஆள் எந்த வகை என்று பார்த்து, அந்த அதிகத் தொகையைத் தனி வரியாகக் காட்டுங்கள். மொத்த வரவும் வருமானம் ஆகாது என்பதற்கு அந்தத் தனி வரியே துணை நிற்கும்.

7. வீட்டுச் சீட்டு என்றால் கூடுதல் கவனம் வேண்டும்.

தெருவில் ஒரு அம்மா நடத்தும் சீட்டு, பட்டறைக்காரர்கள் தங்களுக்குள் போட்ட சீட்டு என்று எதிலும் பதிவு இருக்காது, ஏலக் குறிப்பு இருக்காது. ஒரு நாற்பது பக்க நோட்டுதான். பதிவில்லாத சீட்டு நடத்துவது தனிக் குற்றம், அது நடத்துபவரின் பாடு. வரித்துறைக் கேள்வி பணத்தின் மூலத்தைப் பற்றியது. அந்த நோட்டின் நகல், நடத்தியவரின் பான் எண்ணோடு கையெழுத்திட்ட கடிதம், கூட இருந்த இரண்டு மூன்று பேரின் வாக்குமூலம், அவர்களுக்கு அனுப்பிய யுபிஐ வரிகள் என்று கிடைப்பதை வைத்துக் கட்ட வேண்டும். நோட்டை அழகாகப் புதிதாக எழுதி வரச் சொல்லாதீர்கள். எண்ணெய்க் கறையோடு இருக்கும் பழைய நோட்டுதான் பேசும்.

இன்னொரு குழி உண்டு. 2017 ஏப்ரல் முதல், ஒருவரிடமிருந்து ஒரே நாளில் 2,00,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. 269எஸ்டி என்ற அந்தப் பிரிவை மீறினால், வாங்கிய தொகைக்குச் சமமாக அபராதம் விதிக்க 271டிஏ இடம் தருகிறது. "சீட்டு எடுத்த மூன்று லட்சத்தை ரொக்கமாக வாங்கிப் பேங்க்கில் போட்டேன்" என்று உற்சாகமாக எழுதினால், ஒரு கேள்விக்குப் பதில் சொல்லி இன்னொரு வழக்கை வாங்கிக்கொள்வீர்கள். அப்படி நடந்திருந்தால் மறைக்கச் சொல்லவில்லை. எழுதும் முன் அனுபவமுள்ள ஒருவரிடம் காட்டுங்கள் என்கிறேன். சீட்டு இன்னும் எடுக்காதவராக இருந்தால் இன்றே சொல்லிவையுங்கள், பணத்தை வங்கி வழியாக மட்டும் வாங்கச் சொல்லி.

8. பதில் ஒரு பக்கம், இணைப்பு எத்தனை பக்கம் வேண்டுமானாலும்.

என் இரண்டாம் பதில் இப்படித்தான் இருந்தது. முதல் பத்தியில் கேட்ட வரவின் தேதியும் தொகையும், அது இன்ன குழுவின் பதினோராவது தவணையில் எடுத்த சீட்டுத் தொகை என்பதும். இரண்டாம் பத்தியில் 5,00,000இல் தொடங்கி 3,54,500இல் முடியும் கழிவுக் கணக்கு, ஒவ்வொரு வரிக்கும் இணைப்பு எண். மூன்றாம் பத்தியில் முன்னால் கட்டியது, பின்னால் கட்டியது, இரண்டின் கூட்டுத்தொகை, அந்தப் பணம் எங்கிருந்து வந்தது. நான்காம் பத்தியில், இது விற்பனையும் அல்ல வருமானமும் அல்ல என்பது, சட்ட வாதம் ஒரு வரி. முதல் பதிலில் எழுதிய 3,75,000 ஏலக் குறிப்பின் தொகை என்ற திருத்தமும் சேர்த்தேன். இணைப்புகளுக்கு 1 முதல் 7 வரை எண் போட்டு, ஸ்டேட்மென்டில் அந்தந்த வரியை மட்டும் கோடிட்டு அனுப்பினேன். மதிப்பீட்டு ஆணை வந்தபோது அந்தத் தொகை சேர்க்கப்படவில்லை.

அந்தப் பட்டறைக்காரரின் சீட்டு பாஸ்புக் எப்படிக் கிடைத்தது தெரியுமா? சீட்டு முடிந்ததும் அவர் அதை ஆயுத பூஜைக்குக் குப்பையோடு ஒதுக்கிவைத்துவிட்டார். மனைவிதான் எடுத்து ரேஷன் கார்டு பையில் போட்டுவைத்திருந்தார். இப்போதுள்ள விதிப்படி சாதாரண விவகாரங்களில் கூட, மதிப்பீட்டு ஆண்டு முடிந்து மூன்று வருடம் மூன்று மாதம் வரை பழைய கணக்கைத் திறக்கலாம், பெரிய தொகை என்றால் ஐந்து வருடம் மூன்று மாதம். சீட்டு முடிந்தது என்று புத்தகத்தை எறிய வேண்டாம் என்று உங்கள் ஆட்களிடம் சொல்லிவையுங்கள். ஏழு வருடம் அது ரேஷன் கார்டு பையிலேயே இருக்கட்டும்.